ஆம்பூர் டூ சோளிங்கர்: போட்டோவில் வந்த பஸ் ரூட் மேப்பில் எங்கே இறங்கி மாறுவது? கண்டுபிடிப்பது எப்படி?

பஸ் ஸ்டாண்ட் சுவரில் இருக்கும் வழித்தட வரைபடத்தை யாரோ செல்போனில் படம் பிடித்து, குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போடுகிறார்கள். கூடவே ஒரு கேள்வி: "ஆம்பூர்ல இருந்து சோளிங்கர் போகணும். நேர் பஸ் கிடைக்கலன்னா எங்க இறங்கி மாறணும்? இந்தப் படத்தைப் பார்த்துச் சொல்லுப்பா."

படத்தில் கலர் கலராகக் கோடுகள், குட்டி குட்டி எழுத்துகள், நடுவில் டியூப்லைட் வெளிச்சம் பட்டு ஒரு வெள்ளைத் திட்டு. பதில் சொல்பவர் அவசரத்தில் ஒரு ஊர் பெயரை மாற்றிச் சொன்னால், வயதான அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகிறவர் நெடுஞ்சாலை ஓரத்தில் வெயிலில் நிற்க வேண்டியதுதான். கார்த்திகை மாதம் சோளிங்கர் மலைக்குப் போகிற கூட்டத்தில் இது எப்போதும் நடக்கிற கதை.

அப்படியொரு படத்தை எப்படிப் படிப்பது? ஆம்பூர் - சோளிங்கர் பயணத்தையே எடுத்துக்கொண்டு பார்ப்போம். இதற்காக ஒரு மாதிரி வரைபடத்தை வைத்துக்கொள்கிறோம். ஊர்களும் சாலைகளும் நிஜம். கோடுகளின் நிறமும், எந்தக் கோடு எங்கே நிற்கும் என்பதும் புரிவதற்காக நாம் வைத்துக்கொண்டது.

முதலில் படம் சரியா இருக்கா?

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் போட்டோ சுருங்கித்தான் வரும். பெரிதாக்கினால் 'ஆற்காடு'வும் 'ஆரணி'யும் ஒரே மாதிரி மங்கலாகத் தெரியும். அனுப்பியவரிடம் அதே படத்தை 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். அப்போது எடுத்த அளவிலேயே வரும். அவர் இன்னும் அந்த வரைபடத்தின் முன்னால்தான் நிற்கிறார் என்றால் இன்னும் நல்லது. பிளாஷை அணைத்துவிட்டு, முழு வரைபடத்தையும் நேராக நின்று ஒரு படம், கிளம்பும் ஊர் பக்கம் ஒரு படம், சேரும் ஊர் பக்கம் ஒரு படம், மூலையில் இருக்கும் குறிப்புக் கட்டம் தனியாக ஒரு படம் என்று நான்கு எடுத்தால் போதும்.

அந்தக் குறிப்புக் கட்டத்தைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். எந்த நிறம் எந்த வண்டி, வட்டம் என்றால் என்ன, புள்ளிக்கோடு என்றால் என்ன என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். அது இல்லாத படத்தை வைத்து அடித்துச் சொல்லாதீங்க.

அடுத்து, படம் எந்தக் காலத்தது என்று பாருங்கள். இந்தப் பக்கத்து வரைபடங்களுக்கு இது ரொம்ப முக்கியம். தலைப்பில் 'வேலூர் மாவட்டம்' என்று போட்டு, அதற்குள் ஆம்பூர், சோளிங்கர் ரெண்டுமே இருந்தால் அது பழைய படம். 2019 நவம்பர் 28-ல் ராணிப்பேட்டை, திருப்பத்தூர் புதிய மாவட்டங்கள் செயல்பாட்டுக்கு வந்தன. இன்றைக்கு ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்தில் இருக்கிறது, சோளிங்கர் ராணிப்பேட்டை மாவட்டத்தில் இருக்கிறது. நடுவில் வேலூர். ஒரு பயணத்தில் மூன்று மாவட்டம். மாவட்டம் பிரிந்ததால் சாலை மாறிவிடாது. ஆனால் அவ்வளவு பழைய படத்தில் பஸ் நிற்கும் இடம் மாறியிருக்க வாய்ப்பு அதிகம். வேலூர் புதிய பேருந்து நிலையமே இடித்துக் கட்டப்பட்டு 2022 ஜூனில்தான் திறக்கப்பட்டது. சென்னையில் தென்மாவட்ட பஸ்களுக்குக் கோயம்பேடு என்று காட்டும் படங்கள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. 2023 டிசம்பர் 30-ல் கிளாம்பாக்கம் திறந்த பிறகு அந்தப் படங்கள் எந்த அளவுக்கு உதவும் என்பது உங்களுக்கே தெரியும்.

படம் தலைகீழா இருக்கா, சாய்ந்திருக்கா என்று தெரியவில்லை என்றால் பாலாற்றைத் தேடுங்கள். வாணியம்பாடி, ஆம்பூர், பள்ளிகொண்டா, வேலூர், ஆற்காடு, வாலாஜாபேட்டை என்று மேற்கிலிருந்து கிழக்காக ஆற்றை ஒட்டியே ஊர்கள் வரிசையாக வரும். வடக்கு மேலே இருக்கும் படத்தில் ஆம்பூர் இடது பக்கம், வேலூர் நடுவில், சோளிங்கர் வலது பக்கம் மேலே. அந்த வரிசை கண்ணில் பட்டுவிட்டால் பாதி குழப்பம் தீர்ந்தது.

போகும் இடத்திலிருந்து தேடுங்கள், கிளம்பும் இடத்திலிருந்து அல்ல

எல்லோரும் செய்வது இதுதான்: ஆம்பூர் மேல் விரலை வைத்து, அங்கிருந்து கிளம்பும் கோடுகளை ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு போவார்கள். ஆம்பூர் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் இருக்கிற ஊர். வேலூர், திருப்பத்தூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, குடியாத்தம், கிருஷ்ணகிரி, சென்னை என்று கோடுகள் எல்லாப் பக்கமும் ஓடும். எதைப் பின்தொடர்வது?

அதற்குப் பதிலாக சோளிங்கரில் ஆரம்பியுங்கள். அங்கே வந்து சேரும் கோடுகள் குறைவு. நமது மாதிரிப் படத்தில் ஐந்துதான். வேலூரிலிருந்து ஆற்காடு, ராணிப்பேட்டை, வாலாஜாபேட்டை வழியாக வரும் பச்சைக் கோடு. ஆற்காட்டில் தொடங்கி அதே வழியில் வரும் நீலக் கோடு. காவேரிப்பாக்கத்திலிருந்து பாணாவரம் வழியாக வரும் ஆரஞ்சுக் கோடு. அரக்கோணத்திலிருந்து ஒன்று, திருத்தணியிலிருந்து ஒன்று.

இப்போது கேள்வி சுருங்கிவிட்டது. இந்த ஐந்து கோடுகளில் எது ஆம்பூரிலிருந்து வரும் கோட்டைத் தொடுகிறது? திருத்தணி கோடு வடகிழக்கிலிருந்து வருகிறது, நமக்கு வேண்டாம். அரக்கோணமும் கிழக்கே இருக்கிறது, சோளிங்கரைத் தாண்டிப் போய் திரும்பி வர வேண்டும். அதுவும் வேண்டாம். மிச்சம் பச்சை, நீலம், ஆரஞ்சு.

ஆம்பூரிலிருந்து வரும் சிவப்புக் கோடு சென்னை போகும் வண்டியுடையது. மாதனூர், பள்ளிகொண்டா, வேலூர், வாலாஜாபேட்டை, காவேரிப்பாக்கம், காஞ்சிபுரம் என்று போகிறது. ஆக, சிவப்பும் பச்சையும் சந்திக்கும் இடங்கள் வேலூர், வாலாஜாபேட்டை. சிவப்பும் நீலமும் சந்திப்பது வாலாஜாபேட்டை. சிவப்பும் ஆரஞ்சும் சந்திப்பது காவேரிப்பாக்கம்.

மூன்று இடம் கிடைத்துவிட்டது. ஆனால் எதையும் இன்னும் அனுப்பிவிட வேண்டாம்.

கோடுகள் குறுக்கே போனால் மட்டும் போதாது

வரைபடத்தில் ரெண்டு கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று போகிறது என்பதற்காக அங்கே பஸ் மாறலாம் என்று அர்த்தம் இல்லை. ரெண்டு கோட்டிலும் அந்த இடத்தில் நிறுத்தத்துக்கான வட்டமோ புள்ளியோ இருக்க வேண்டும். அப்போதுதான் ரெண்டு வண்டியும் அங்கே நிற்கிறது.

நமது படத்தில் ஆற்காட்டைப் பாருங்கள். பச்சைக் கோட்டில் ஆற்காடு என்று வட்டம் இருக்கிறது. சிவப்புக் கோடும் ஆற்காட்டுக்குப் பக்கத்திலேயே போகிறது, பெயரைக்கூட உரசிக்கொண்டு போகிறது. ஆனால் சிவப்பில் வட்டம் இல்லை. காரணம் எளிது: தொலைதூர வண்டிகளில் சில ஊருக்குள் நுழையாமல் பைபாஸிலேயே போய்விடும். கண்டக்டர் "ஆற்காடு நிற்காதும்மா" என்று சொல்லும்போதுதான் பலருக்கு இது தெரியவரும். ராணிப்பேட்டை முத்துக்கடைக்கும் இதே கதைதான்.

போட்டோவில் வட்டமா, அல்லது தூசியா, பூச்சியா, வெளிச்சத் திட்டா என்று சந்தேகம் வரலாம். சுவரில் ஒட்டிய படம் என்றால் அதன் மேல் வேறு போஸ்டர் ஒட்டிக் கிழித்த தடம்கூட வட்டம் மாதிரித் தெரியும். பக்கத்தில் ஊர் பெயர் எழுதியிருக்கிறதா, மற்ற வட்டங்களின் அளவில் இருக்கிறதா என்று பாருங்கள். அப்படியும் தெரியவில்லை என்றால் "இந்த இடம் தெளிவா இல்ல, வேற படம் அனுப்புங்க" என்று கேட்டுவிடுவதே நல்லது.

நிறத்தை மட்டும் நம்புவதிலும் சிக்கல் இருக்கிறது. வெயிலில் வெளுத்த சிவப்பும் ஆரஞ்சும் போட்டோவில் ஒரே நிறம். போனில் இரவு நேர மஞ்சள் வெளிச்சம் போட்டிருந்தால் நீலமும் பச்சையும் கலந்துவிடும். அதனால் கோட்டின் இரண்டு முனையிலும் எழுதியிருக்கும் ஊர் பெயரையோ வழித்தட எண்ணையோ பிடித்துக்கொண்டு பாருங்கள். பஸ்ஸின் முன் போர்டில் நீங்கள் தேடப்போவதும் அந்தப் பெயரைத்தான். "பச்சைக் கோட்டில் ஏறு" என்று சொன்னால் பஸ் ஸ்டாண்டில் யாருக்குப் புரியும்?

ஒரே பெயர், வேறு வேறு இடம்

இந்தப் பகுதியில் மேப் படிப்பவர்களை அதிகம் ஏமாற்றும் விஷயம் இதுதான். கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் சோளிங்கரே. சில வரைபடங்களில் ரயில் பாதையையும் கறுப்புப் புள்ளிக்கோடாகப் போட்டிருப்பார்கள். ஜோலார்பேட்டை, ஆம்பூர், காட்பாடி, அரக்கோணம் என்று போகும் அந்தப் பாதையில் 'சோளிங்கர்' என்று ஒரு நிறுத்தம் இருக்கும். அட, ஆம்பூரிலிருந்து ரயிலிலேயே நேராகப் போய்விடலாமே என்று தோன்றும். அந்த ஸ்டேஷன் இருப்பது பாணாவரத்தில். சோளிங்கர் ஊர் அங்கிருந்து வடக்கே 10 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. எல்லா ரயிலும் அங்கே நிற்கவும் நிற்காது. ரயிலில் வந்து இறங்கினாலும் அங்கிருந்து பஸ்ஸோ ஆட்டோவோ பிடிக்க வேண்டும். ஆரஞ்சுக் கோட்டில் 'பாணாவரம்' என்று இருக்கும் நிறுத்தமும், ரயில் கோட்டில் 'சோளிங்கர்' என்று இருக்கும் நிறுத்தமும் கிட்டத்தட்ட ஒரே இடம் என்பது வரைபடத்தைப் பார்த்தால் மட்டும் தெரியாது.

அடுத்து வாலாஜா. 'வாலாஜா ரோடு' என்பது ரயில் நிலையத்தின் பெயர். வாலாஜாபேட்டை பஸ் ஸ்டாண்ட் அங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, ஊருக்குள் இருக்கிறது. படத்தில் இடம் பத்தாமல் 'வாலாஜா' என்று மட்டும் எழுதியிருந்தால், அது பஸ் கோட்டில் இருக்கிறதா ரயில் கோட்டில் இருக்கிறதா என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

மூன்றாவது வேலூர். பழைய பஸ் ஸ்டாண்ட் கோட்டைக்குப் பக்கத்தில், ஊர் நடுவில். புதிய பஸ் ஸ்டாண்ட் கிரீன் சர்க்கிள் பக்கம், நெடுஞ்சாலையை ஒட்டி. வரைபடத்தில் இரண்டையும் சேர்த்து ஒரே பெரிய வட்டமாகப் போட்டு 'வேலூர்' என்று எழுதிவிடுவார்கள். மேப்பில் ஒரே வட்டம், தரையில் மூட்டை முடிச்சோடு ஒரு டவுன் பஸ் பயணம். வெளியூர் வண்டிகளுக்குப் புதிய பஸ் ஸ்டாண்ட் என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். ஆம்பூரில் ஏறும்போதே "புது பஸ் ஸ்டாண்ட் போகுமா?" என்று கேட்டு ஏறுவது நல்லது.

கடைசியாக, சேரும் இடம். சோளிங்கர் போகிறோம் என்று சொல்பவர் உண்மையில் எங்கே போகிறார்? ஊருக்குள் இருக்கும் பக்தோசிதப் பெருமாள் கோயிலுக்கா, அல்லது யோக நரசிம்மர் மலைக்கா? மலையடிவாரம் கொண்டபாளையத்தில் இருக்கிறது. ஊர் பஸ் ஸ்டாண்டிலிருந்து தனியாகப் போக வேண்டும். பெரிய மலைக்கு 1,305 படி. 2024 மார்ச் 8 முதல் ரோப் கார் ஓடுகிறது, அதற்கும் அடிவாரம்தான் போக வேண்டும். ஆகவே மலைக்குப் போகிறவருக்கு இது ஒரு மாற்றம் இல்லை, ரெண்டு மாற்றம். வெளியூர் பஸ் வரைபடத்தில் அந்தக் கடைசித் துண்டு பெரும்பாலும் இருக்காது.

சரி, எங்கே மாறுவது?

நமக்குக் கிடைத்த மூன்று இடங்களுக்கு வருவோம்: வேலூர், வாலாஜாபேட்டை, காவேரிப்பாக்கம்.

காவேரிப்பாக்கம் வாலாஜாவையும் தாண்டிக் கிழக்கே இருக்கிறது. அங்கே போய் பாணாவரம் வழியாக வடக்கே வர வேண்டும். மேப்பில் அந்த வழி சின்னதாகத் தெரியலாம். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பஸ், ரயில் வரைபடங்கள் பல அளவுப்படி வரையப்படுவதில்லை. 1933-ல் லண்டன் பாதாள ரயிலுக்காக ஹாரி பெக் வரைந்த வரைபடம் வெளியானதிலிருந்து, கோடுகளை நேராகவும் சாய்வாகவும் மட்டும் போட்டு, நிறுத்தங்களைச் சம இடைவெளியில் வைப்பது உலகம் முழுக்கப் பழக்கமாகிவிட்டது. எதற்குப் பிறகு எது, எங்கே மாறலாம் என்பது அதில் பளிச்சென்று தெரியும். எவ்வளவு தூரம் என்பது தெரியாது. மேப்பில் ஆம்பூர் - வேலூர் ஒரு விரல் அகலம், வேலூர் - ஆற்காடும் ஒரு விரல் அகலம் என்று இருக்கும். நிஜத்தில் ஆம்பூர் - வேலூர் சுமார் 50 கிலோமீட்டர், வேலூர் - ஆற்காடு அதில் பாதிதான். தூரத்துக்கு கூகுள் மேப்பைப் பாருங்கள், விரலால் அளக்காதீங்க. ஆம்பூரிலிருந்து வருகிறவருக்குக் காவேரிப்பாக்கம் சுற்று வழி. அதை விட்டுவிடலாம்.

வேலூரா, வாலாஜாவா? இங்கேதான் மேப் தெரிந்தவரும் ஊர் தெரிந்தவரும் வேறு வேறு பதில் சொல்வார்கள். வேலூரிலிருந்து வாலாஜா வரை சிவப்பும் பச்சையும் ஏறக்குறைய ஒன்றாகவே ஓடுகின்றன. இப்படி ரெண்டு கோடு சேர்ந்து ஓடும் துண்டில், ரெண்டிலும் வட்டம் இருக்கும் எந்த நிறுத்தத்திலும் மாறலாம். எதைத் தேர்ந்தெடுப்பது என்பது யார் பயணம் செய்கிறார் என்பதைப் பொறுத்தது.

வேலூரில் மாறினால், சோளிங்கர் வண்டி அங்கேயே கிளம்புகிறது. உட்கார இடம் கிடைக்கும். பெரிய பஸ் ஸ்டாண்ட், கழிவறை இருக்கிறது, விசாரிக்க ஆள் இருக்கிறார்கள், ஒரு வண்டி போய்விட்டால் நிழலில் உட்கார்ந்து காத்திருக்கலாம். ஆனால் வேலூரிலிருந்தே சோளிங்கர் போகும் வண்டிக்காகத்தான் நிற்க வேண்டும்.

வாலாஜாவில் மாறினால் வேறு கணக்கு. அங்கே வேலூரிலிருந்து வரும் பச்சைக் கோட்டு வண்டியும் வரும், ஆற்காட்டில் கிளம்பும் நீலக் கோட்டு வண்டியும் வரும். சேரும் ஊருக்குப் பக்கத்தில் போகப் போக, அங்கே போகும் கோடுகள் ஒன்று சேர்ந்துகொண்டே வரும். அதனால் காத்திருக்கும் நேரம் குறைய வாய்ப்பு உண்டு. குறை என்ன? வண்டி ஏற்கெனவே நிரம்பி வரும். இன்னொன்று, சென்னை வண்டி வாலாஜா பஸ் ஸ்டாண்டுக்குள் போகாமல் நெடுஞ்சாலையிலேயே இறக்கிவிட்டால், அங்கிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு வேறு வழி பார்க்க வேண்டும்.

எனவே, அம்மாவைக் கூட்டிக்கொண்டு காலையில் கிளம்புகிறவருக்கு வேலூர் புதிய பஸ் ஸ்டாண்ட். ஆம்பூர் தோல் கம்பெனியிலோ ஷூ கம்பெனியிலோ வேலை முடிந்து, ஒற்றைப் பையோடு வேகமாக ஊர் போய்ச் சேர நினைக்கிற இளைஞருக்கு வாலாஜா. ரெண்டும் சரியான பதில்தான்.

'வழி' என்ற ஒரு வார்த்தை

வேலூரிலிருந்து சோளிங்கருக்கு இன்னொரு சாலையும் இருக்கிறது. திருவலம், பொன்னை பக்கமாக. வேலூரில் ஏறி சோளிங்கரில் இறங்குகிறவருக்கு எந்த வழியில் போனாலும் கவலை இல்லை. ஆனால் நடுவில் வாலாஜாவில் நின்றுகொண்டிருப்பவருக்கு, பொன்னை வழி போகும் வண்டி வரவே வராது.

அதனால்தான் முன் போர்டில் ஊர் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் 'வழி' என்று போட்டு எழுதியிருப்பதைப் படிக்க வேண்டும். மேப்பில் ஒரே இரண்டு ஊர்களுக்கு இடையே ரெண்டு கோடு இருந்தால், அவை நடுவில் தொடும் ஊர்கள்தான் வித்தியாசம். நீங்கள் மற்றவருக்கு வழி சொல்லும்போது சேரும் ஊரோடு நடுவில் ஒரு ஊரையும் சேர்த்துச் சொல்லுங்கள். "சோளிங்கர் பஸ்" என்பதைவிட "ராணிப்பேட்டை, வாலாஜா வழியா போற சோளிங்கர் பஸ்" என்பது தெளிவு.

பெண்களுக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. வெளியூர் பஸ்ஸுக்கு அது கிடையாது. மேப்பில் டவுன் பஸ் கோடும் வெளியூர் பஸ் கோடும் ஒரே தடிமனில் இருந்தால் இது தெரியாது. குறிப்புக் கட்டத்தில் டவுன் பஸ்ஸுக்குத் தனி அடையாளம் இருக்கிறதா என்று பாருங்கள். ஆற்காடு, ராணிப்பேட்டை, வாலாஜா மாதிரி பக்கத்துப் பக்கத்து ஊர்களுக்கு நடுவே டவுன் பஸ் கிடைத்தால் காசு மிச்சம். ஆனால் அதற்காக ஒரு மாற்றத்தை மூன்று மாற்றமாக ஆக்கிக்கொண்டால், சாயங்காலம் கடைசி வண்டியைத் தவறவிடும் ஆபத்தும் கூடும்.

மேப் சொல்லாதது: நேரம்

வரைபடத்தில் கோடு இருக்கிறது என்றால் அந்த வழியில் வண்டி ஓடுகிறது என்று மட்டும்தான் அர்த்தம். பத்து நிமிஷத்துக்கு ஒன்றா, ஒரு நாளைக்கு நாலா என்று கோடு சொல்லாது. ஆம்பூர் - வேலூர் நெடுஞ்சாலைக் கோடும், ஏதோ ஒரு கிராமத்துக் கோடும் மேப்பில் ஒரே மாதிரிதான் இருக்கும்.

மாறும் பயணத்தில் முதல் வண்டியைவிட ரெண்டாவது வண்டிதான் முக்கியம். முதல் வண்டி நெடுஞ்சாலை வண்டி, ஒன்று போனால் இன்னொன்று வரும். ரெண்டாவது வண்டி அப்படி இல்லை. அதன் நேரத்தை முதலில் தெரிந்துகொண்டு, அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு ஆம்பூரில் எப்போது ஏற வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். பஸ் ஸ்டாண்டில் நேர அட்டவணை எழுதிய பலகை இருந்தால் அதையும் சேர்த்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லலாம். இல்லாவிட்டால் டைம் கீப்பர் அறையில் கேட்பதுதான் வழி. கார்த்திகை ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டம் அதிகம். அந்த நாட்களில் சிறப்புப் பஸ் விட்டால் அதுவும் சுவரில் இருக்கும் மேப்பில் இருக்காது, அறிவிப்பில்தான் இருக்கும்.

பதிலை எப்படி எழுதி அனுப்புவது?

மேப் படித்தவர் பேசும் பாஷை வேறு, பஸ் ஸ்டாண்டில் நிற்பவருக்கு வேண்டிய பாஷை வேறு. நிறம், திசை, இடது வலது எதுவும் வேண்டாம். எங்கே ஏறுவது, போர்டில் என்ன எழுதியிருக்கும், எங்கே இறங்குவது, இறங்கின இடத்திலேயே அடுத்த வண்டியா இல்லை நடக்கணுமா, இவ்வளவு போதும். ஆம்பூரில் இருக்கும் அத்தைக்கு அண்ணன் மகன் அனுப்பும் பதில் இப்படி இருக்கலாம்:

"அத்தை, ஆம்பூர் பஸ் ஸ்டாண்ட்ல வேலூர் பஸ் ஏறுங்க. ஏறும்போதே புது பஸ் ஸ்டாண்ட் போகுமான்னு கேட்டுக்கோங்க. வேலூர் புது பஸ் ஸ்டாண்ட்ல இறங்கி, வெளிய போகாம உள்ளயே சோளிங்கர் பஸ் எங்க நிக்கும்னு விசாரிங்க. சோளிங்கர் வழியா திருத்தணி போற வண்டி இருந்தாலும் ஏறலாம். டிக்கெட் வாங்கும்போது சோளிங்கர் பஸ் ஸ்டாண்ட்னு சொல்லுங்க. யாராவது ரயில்ல போலாம்னு சொன்னா போகாதீங்க, அந்த ஸ்டேஷன் பாணாவரத்துல இருக்கு. சோளிங்கர்ல இறங்கினதும் மலையடிவாரம் கொண்டபாளையம் போக ஆட்டோ, பஸ் கேளுங்க. வேலூர்ல இறங்கினதும் எனக்கு ஒரு போன் பண்ணுங்க."

கடைசி வரியைக் கவனியுங்கள். மாறும் இடத்தில் போன் பண்ணச் சொல்வது பாசத்துக்காக மட்டும் இல்லை. வழி தவறியிருந்தால் அங்கேதான் திருத்த முடியும். ரெண்டாவது வண்டியில் ஏறிய பிறகு தெரிந்தால், இறங்கித் திரும்பி வர வேண்டும்.

திரும்பி வரும்போது?

போன வழியை அப்படியே தலைகீழாகச் சொன்னால் போதும் என்று நினைப்போம். மேப்பில் கோட்டின் மேல் அம்புக்குறி இருக்கிறதா என்று பாருங்கள். சில வண்டிகள் போகும்போது ஊருக்குள் நுழைந்து, வரும்போது வேறு தெருவழியாகவோ பைபாஸிலோ வரும். அம்புக்குறி ஒரு பக்கம் மட்டும் இருந்தால் அந்தத் துண்டு ஒரு வழி.

இன்னொரு வித்தியாசம், போகும்போது சோளிங்கர் வண்டியைத் தேடினோம். வரும்போது சோளிங்கரில் கிளம்பும் வண்டியில் வாலாஜா போகிறதும் இருக்கும், ஆற்காட்டோடு நிற்கிறதும் இருக்கும், வேலூர் வரை போகிறதும் இருக்கும். சாயங்காலம் ஆகிவிட்டால் வேலூர் வண்டிக்காகவே நிற்க வேண்டியதில்லை. வாலாஜா, ஆற்காடு எதுவாக இருந்தாலும் ஏறிவிடலாம். அங்கே வந்துவிட்டால் வேலூர் பக்கம் போகும் வண்டிக்குப் பஞ்சம் இல்லை. ஆனால் வாலாஜாவில் ஆம்பூர் நேர் வண்டிக்காக நெடுஞ்சாலைக்குப் போய் இருட்டில் நிற்பதைவிட, பஸ் ஸ்டாண்டிலேயே வேலூர் வண்டி பிடித்து, வேலூர் புதிய பஸ் ஸ்டாண்டில் ஆம்பூர், வாணியம்பாடி, திருப்பத்தூர் போர்டு போட்ட வண்டிகளில் ஆம்பூருக்குள் போகுமா என்று கேட்டு ஏறுவது பாதுகாப்பு. பெங்களூரு, கிருஷ்ணகிரி போர்டு போட்ட இடைநில்லாப் பஸ் ஆம்பூர் வழியாகத்தான் போகும், ஆனால் ஊருக்குள் வந்து நிற்காமல் போகலாம். டிக்கெட் எடுக்கும் முன்பே கண்டக்டரிடம் கேட்டுவிடுங்கள்.